தையல் வீடியோவுக்கு ஒரு பக்க ஸ்டைல் ஷீட்

தங்கச்சி, உன் சேனலைத் திறந்து கடைசியாகப் போட்ட ஒன்பது வீடியோக்களின் முகப்புப் படங்களையும் சேர்த்து வைத்துப் பார். சிவப்புப் பட்டு ஜாக்கெட் வெட்டிய வீடியோவில் எழுத்து மஞ்சள். பச்சைக் காட்டன் வீடியோவில் வெள்ளை எழுத்து, அதற்கு நீல நிழல். லைனிங் வீடியோவை மேசைக்கு மேலிருந்து எடுத்திருக்கிறாய், கொக்கிப் பட்டி வீடியோவை எதிர்ப்பக்கத்திலிருந்து. வெட்டுகிற கை ஒன்று, சொல்லிக்கொடுக்கிற குரலும் ஒன்று. பார்ப்பவர்களுக்கோ நாலு பேர் சேர்ந்து நடத்துகிற சேனல் போலத் தெரிகிறது.

இதற்கு ஏ4 தாளில் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். என்ன நிறம், என்ன ஃபான்ட், கேமரா எங்கே நிற்கும் என்ற மூன்றுதான் அதில் இருக்கும். எடிட் செய்கிற தம்பி அந்தத் தாளைப் பார்த்தே வேலையை முடிக்க வேண்டும், உனக்குப் போன் போட்டுக் கேட்கக்கூடாது. பத்திரிகை லே-அவுட்டில் நாங்கள் வருஷக்கணக்காகச் செய்வது இதைத்தான் என்பதால், உன் தாளை எப்படி எழுதலாம் என்று சொல்கிறேன்.

முதலில் உன் சேனலுக்கே உரிய சிக்கலைப் புரிந்துகொள். உன் திரையில் முக்கால்வாசி இடத்தை அடைப்பது துணி. அதன் நிறம் உன் கையில் இல்லை. இன்று மெரூன், நாளை எலுமிச்சை மஞ்சள், அதற்கடுத்த நாள் கறுப்பு வெல்வெட். எந்த நிற எழுத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு துணியின் மேல் அது காணாமல் போகும். அதனால்தான் ஒவ்வொரு வீடியோவுக்கும் தம்பி புது நிறம் தேடுகிறான். தாளின் முதல் வரியாக இதை எழுது: எழுத்து ஒருபோதும் துணியின் மேல் நேரடியாக வராது, எப்போதும் ஒரு பட்டையின் மேல்தான் வரும். இந்த ஒரு வரியே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

மூன்று நிறம், மூன்று வேலை

பட்டைக்கு ஓர் அடர்நிறம், எழுத்துக்கு ஒரு வெளிர்நிறம், அளவுகளுக்கு ஓர் எடுப்பான நிறம். நாலாவது வேண்டாம். உனக்காக நான் எடுத்துவைத்தவை இவை: பட்டைக்கு மைநீலம் #1B2A41, எழுத்துக்கு வெண்ணெய் வெள்ளை #FFF8E7, அளவுக்குக் கடுகு மஞ்சள் #F2B705. இந்த ஆறிலக்கக் குறியீட்டை அப்படியே தாளில் எழுது. ‘கொஞ்சம் டார்க்கான நீலம்’ என்று எழுதினால், தம்பி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீலத்தைத்தான் எடுப்பான்.

நிறம் கண்ணுக்கு அழகாக இருந்தால் மட்டும் போதாது, எழுத்து பிரிந்து தெரிய வேண்டும். இரண்டு நிறங்களுக்கு நடுவே வெளிச்ச வித்தியாசம் எவ்வளவு என்பதை ஒரு விகிதமாகக் கணக்கிடலாம். contrast checker என்று தேடினால் இலவசமாகவே பல கருவிகள் கிடைக்கும், இரண்டு குறியீட்டையும் கொடுத்தால் எண் வந்துவிடும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21. இணையத்தில் வரும் எழுத்துக்கான WCAG விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 இருந்தாக வேண்டும். நம் மைநீலத்தின் மேல் வெண்ணெய் வெள்ளை 13-ஐத் தாண்டுகிறது. கடுகு மஞ்சள் 8-ஐ ஒட்டி வருகிறது. அதே மஞ்சளை வெண்ணெய் வெள்ளையின் மேல் எழுதினால் 2 கூட வராது. ஆகவே தாளில் இப்படியும் ஒரு வரி இருக்க வேண்டும்: மஞ்சளும் வெள்ளையும் பட்டையின் மேல் மட்டுமே வரும், ஒன்றின் மேல் ஒன்று வராது.

சிவப்பு எடுப்பாக இருக்குமே என்று கேட்பாய். வீடியோ கோப்பில் வெளிச்ச விவரம் முழுதாகவும், நிற விவரம் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதியாகவும்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் அடர் சிவப்பில் மெல்லிய எழுத்து எழுதினால், எடிட்டிங் ஆப்பில் கூர்மையாகத் தெரிந்தது அப்லோடு ஆனதும் ஓரம் கசிந்ததுபோல் ஆகிவிடும். கடைப் பலகைக்கு ஏற்ற சிவப்பு வீடியோ எழுத்துக்கு ஒத்துவராது.

இனி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலையைப் பிரித்துக் கொடு. உன் சேனலுக்கு இதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். எழுத்தைப் பொறுத்தவரை, கடுகு மஞ்சளில் அளவு மட்டும்தான் வரும். ‘வணக்கம்’ மஞ்சளில் வரக்கூடாது, ‘சப்ஸ்கிரைப்’ வரக்கூடாது. நாலு வீடியோ பார்த்தவளுக்கு, மஞ்சள் வந்தாலே நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டிய எண் என்று பழகிவிடும். துணியின் மேல் நீ வரைந்து காட்டுகிற கோடுகளுக்கும் இப்படியே ஒரு விதி வை. வெட்டுகிற கோடு மஞ்சளில், முழுக்கோடாக. தைக்கிற கோடு வெள்ளையில், விட்டு விட்டு. இப்போது ஒரு வீடியோவில் முழுக்கோடு வெட்டுவதற்கு, இன்னொன்றில் தைப்பதற்கு என்று மாறி மாறி வருகிறது. புதிதாகக் கற்பவள் தையல் கோட்டிலேயே கத்தரியை வைத்துவிட்டால், விட வேண்டிய ஓரமே போய்விடும், துணியும் பாழ்.

பட்டை விதிக்கு இந்தக் கோடுகள் மட்டும் விலக்கு, அவை துணி மேல்தான் வந்தாக வேண்டும். மஞ்சள் துணியில் மஞ்சள் கோடு தெரியாதே என்றால், ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் மைநீல விளிம்பு கொடுக்கச் சொல். மஞ்சள் துணியில் விளிம்பு தெரியும், கறுப்புத் துணியில் கோடு தெரியும்.

துணியின் நிறம் துணியின் நிறமாகவே தெரிய

எழுத்தின் நிறத்தை மட்டும் நிலையாக வைத்தால் போதாது. சிவப்புப் பட்டுத் துணியை மேசையில் விரித்ததும் உன் கையே நோயாளியின் கை மாதிரி வெளிறிப்போவதைக் கவனித்திருப்பாய். போன் காரணமாகத்தான் அப்படி ஆகிறது. காட்சி முழுக்க ஒரே நிறம் நிறைந்தால், வெளிச்சமே அந்த நிறம் என்று போன் எடுத்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் நிறத்தை இழுக்கிறது. சிவப்புத் துணிக்கு எல்லாம் நீலப்பச்சையாகச் சாயும். துணியை எடுத்துவிட்டால் மறுபடி மாறும். ஒரே வீடியோவுக்குள்ளேயே இப்படி நடக்கும்.

போன் கேமராவில் ப்ரோ மோடு இருந்தால் அதில் WB என்று ஒன்று இருக்கும், அதைத் தானியங்கியிலிருந்து எடுத்து ஒரு எண்ணில் நிறுத்து. குளிர் வெள்ளை எல்.இ.டி. ட்யூப் பெரும்பாலும் 6500K. அங்கிருந்து ஆரம்பித்து, ஒரு வெள்ளைத் தாள் திரையிலும் வெள்ளையாகத் தெரிகிற எண் எதுவோ அதைத் தாளில் எழுதிவிடு. அடுத்தடுத்த வீடியோக்களுக்கும் அதே எண். ஒரு நிபந்தனை உண்டு. வெளிச்சமும் மாறாமல் இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து ட்யூபையும் போட்டால், காலையில் ஒரு நிறம், மாலை நாலு மணிக்கு வேறு நிறம். ஜன்னல் திரையை மூடிவிட்டு ட்யூபில் மட்டும் எடு. ஹாலில் எரிகிற மஞ்சள் பல்பு மேசைக்கு வந்து விழாமல் பார்த்துக்கொள்.

ப்ரோ மோடு வீடியோவுக்கு வேலை செய்யாத போன் என்றால், மேசை மேல் எதுவும் விரிக்காமல் திரையில் அழுத்திப் பிடி. ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், சில போன்களில் நிறமும் சேர்ந்து நிற்கும். பூட்டிய பிறகு துணியை விரி. ஜரிகைத் துணிக்கு இது கட்டாயம். ஜரிகை மின்னும்போதெல்லாம் போன் காட்சியை இருட்டாக்கி மறுபடி வெளிச்சமாக்கும், பார்க்கவே முடியாது. காட்சியில் கோடு கோடாக அலை ஓடினால் காரணம் வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் அந்த அலை நின்றுவிடும்.

மேசை விரிப்பையும் தாளில் சேர். பூப்போட்ட விரிப்பு வேண்டாம். நடுத்தரச் சாம்பல் நிறத்தில் பளபளப்பில்லாத விரிப்பு ஒன்று வாங்கு. கறுப்புத் துணியும் அதில் பிரிந்து தெரியும், வெள்ளை லைனிங்கும் தெரியும். சாம்பல் நிறத் துணியே வந்தால் மட்டும் வெள்ளைச் சார்ட்டை அடியில் போட்டுக்கொள்.

ஃபான்ட் ஒன்றே போதும்

உன் வீடியோக்களில் இப்போது ஐந்தாறு ஃபான்ட் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் தடிமன் மாற்றிப் பயன்படுத்து, அதுவே போதும். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு நல்ல ஃபான்ட்கள் இருக்கின்றன: Mukta Malar, Catamaran, Hind Madurai, Anek Tamil, Noto Sans Tamil. எல்லாம் இலவசம், வீடியோவில் போட்டுச் சம்பாதித்தாலும் தடையில்லை. உனக்கு நான் சொல்வது Mukta Malar. எழுத்துகளின் உள்வெளி திறந்திருக்கிறது, தடித்த வகையிலும் ண, ன, ற அடைத்துக்கொள்வதில்லை. எண்களும் தெளிவு.

தேர்ந்தெடுக்கும் முன் ‘அழகான எழுத்து’ என்று எழுதிப் பார்க்காதே, உன் வேலையில் வருகிற சொற்களை எழுதிப் பார். இந்த ஒரு வரியைச் சோதனைக்கு வைத்துக்கொள்: ‘கொக்கிப் பட்டி 1¼, ஷோல்டர் 5¾, கைக்குழி 7½, நூல், ஹெம்மிங்’. கொ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வருகிறதா பார். சில எடிட்டிங் ஆப்களில் அது பின்னால் போய் நிற்கும், அப்படியானால் கோளாறு ஆப்பில், ஃபான்ட்டை மாற்றிப் பயனில்லை. ஷ, ஹ இரண்டும் மற்ற எழுத்துகளோடு ஒட்டிப்போகிறதா பார். ¼, ½, ¾ மூன்றும் அதே உருவத்தில் வருகிறதா என்பதைக் கட்டாயம் பார். ஃபான்ட்டில் இல்லாவிட்டால் ஆப் வேறொரு ஃபான்ட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடும், எண் ஒரு தடிமனிலும் பின்னம் மெலிந்தும் நிற்கும். தையலில் கால் அங்குலம் தவறினால் ஜாக்கெட் தோளில் நிற்காது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தடிமனுக்கு ஆப்பில் இருக்கிற ‘B’ பொத்தானைத் தட்டாதே. ஃபான்ட்டின் Bold கோப்பையே தனியாக ஏற்றச் சொல். அந்தக் கோப்பு இல்லாமல் பொத்தானைத் தட்டினால் ஆப் சாதாரண எழுத்தையே ஊதிப் பெரிதாக்கும், சின்ன அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்து இடைவெளியைக் கூட்டும் வசதியையும் தொடக்கூடாது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தலாம். தமிழில் ‘கா’ என்பதன் கால் தனியே நகர்ந்து போய்விடும். வரி இடைவெளியை மட்டும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக வை. மேல் வரியின் ‘மூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் இடித்துக்கொள்ளாத அளவு எதுவோ அதுவே உன் அளவு.

எழுத்தின் அளவை எப்படிக் குறிப்பது? ஆப்பில் ‘48’ என்று இருப்பது இன்னொரு ஆப்பில் வேறு உயரமாக வரும். அதனால் திரையின் பங்காக எழுது. நெட்டை வீடியோவில் அளவு எண்ணின் உயரம் திரை உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு, விளக்க எழுத்து அதில் பாதி. 1080-க்கு 1920 என்ற திரையில் எண் 120 பிக்சல், எழுத்து 60. ஒரு வரியில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், தமிழ்ச் சொல் நீளமானது. பிறகு போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார். கண்ணாடி போடாமல் அம்மாவால் ‘7½’ என்று வாசிக்க முடிந்தால் அந்த அளவை முடிவுசெய்துவிடலாம்.

கேமரா மூன்று இடத்தில்தான் நிற்கும்

உன் வேலைக்கு மூன்று ஷாட் போதும்: மேசைக்கு மேலே, மெஷினுக்குப் பக்கத்தில், முடிந்த ஜாக்கெட்டுக்கு எதிரே.

மேல் ஷாட்டைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். போனின் சாதாரண லென்ஸில், மேசைக்கு மூன்று அடி உயரத்திலிருந்து படுக்கை வீடியோ எடுத்தால் சுமார் நாலு அடி அகலம் விழும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், இன்ச் டேப்பை விரித்து நீயே அளந்து எண்ணைத் தாளில் எழுது. உயரம் போதவில்லை என்று 0.5x லென்ஸுக்கு மாறாதே. அது ஓரங்களை வளைக்கும். நேரான இன்ச் டேப் வளைந்து தெரிந்தால், கழுத்து வளைவை நீ வரைந்ததையா லென்ஸ் வளைத்ததையா பார்க்கிறோம் என்று பார்ப்பவளுக்குத் தெரியாது. ஸ்டாண்டின் கால்கள் நிற்கிற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடு.

ஒரே ஷாட்டிலிருந்து நெட்டைத் துண்டும் வெட்டுவாய் அல்லவா, அதற்குக் கணக்கு இருக்கிறது. படுக்கைக் காட்சியிலிருந்து நெட்டையாக வெட்டினால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவுதான் மிஞ்சும். நாலு அடி விழுகிற காட்சியில் அது 15 அங்குலம். 36 மார்பளவு ஜாக்கெட்டின் முன்பக்கத்தை எடுத்துக்கொள். நாலில் ஒரு பங்கு 9, தையலுக்கும் லூஸுக்கும் 2 சேர்த்தால் 11 அங்குலம். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் மிச்சம். ஆகவே சாம்பல் விரிப்பின் ஓரத்தில், 15 அங்குல இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு குறி போட்டுவிடு. துணி அந்தக் குறிகளுக்குள் இருந்தால் இரண்டு வடிவத்துக்கும் ஒரே ஷாட் போதும். ஆனால் 4K-யில் எடுக்க வேண்டும். அப்போதுதான் வெட்டிய பிறகும் 1215 பிக்சல் அகலம் கிடைக்கும். 1080p-யில் எடுத்தால் 608-தான் தேறும், சாக்பீஸ் கோடு மங்கிவிடும்.

துணியை எந்தப் பக்கமாக விரிப்பது என்பதும் ஃப்ரேமில் சேர்ந்ததுதான். மடிப்பு எப்போதும் இடப்பக்கம், கழுத்து எப்போதும் மேலே. காட்சி நீ உட்கார்ந்து வெட்டுகிற பக்கத்திலிருந்து தெரிய வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் கற்பவள் எல்லாவற்றையும் மனதுக்குள் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மெஷின் ஷாட் சுலபம். மெஷினின் தலை ஊசிக்கு வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் திறந்திருக்கிறது. கேமரா இடது முன்பக்கம் சாய்வாக, ஊசியும் இரண்டு கை விரல்களும் தெரியும்படி. முடிந்த ஜாக்கெட்டை மட்டும் ஆறு அடி தள்ளி நின்று 2x-இல் எடு, கேமரா மார்பு உயரத்தில். கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி புடைத்துத் தெரியும், நீ நன்றாகப் பிடித்த டாட்டும் தப்பாகத் தெரியும்.

எழுத்துப் பட்டை எங்கே வரும் என்பதையும் இங்கேயே எழுது. நெட்டை வீடியோவில் வலது ஓரத்தில் லைக் பொத்தான்கள், அடியில் தலைப்பு வந்து மறைக்கும். அடியில் கால் பங்கும் வலதுபுறம் ஏழில் ஒரு பங்கும் காலியாக விடு. பட்டை மேலே, இடப்பக்கம் ஒட்டி. முகப்புப் படத்தில் வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காரும், அங்கே எண் எழுதக்கூடாது. இதையெல்லாம் தம்பி ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டாம். வீடியோ அளவிலேயே ஒரு வெற்று PNG படம் செய்து, பட்டையின் இடத்தையும் காலி இடத்தையும் கோடு போட்டு வை. எடிட் செய்யும்போது அதை மேல் அடுக்காகப் போட்டுப் பொருத்திப் பார்த்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு முன் அணைத்துவிடலாம்.

தாளை எழுதும்போது

விதி மட்டும் எழுதினால் ஒரு மாதத்தில் யாராவது மீறுவார்கள். பக்கத்திலேயே காரணத்தையும் ஒரு வரியில் எழுது. ‘0.5x கூடாது, இன்ச் டேப் வளையும்’ என்றால் தம்பிக்குப் புரியும், அவசரத்திலும் மாற்ற மாட்டான்.

முடித்ததும், உனக்கு வந்ததிலேயே தொல்லையான மூன்று துணியில் சோதித்துப் பார்: கடுகு மஞ்சள் பட்டு, கறுப்பு வெல்வெட், சாம்பல் காட்டன். மூன்றிலும் பத்து விநாடி எடுத்து, தாளை மட்டும் கொடுத்துத் தம்பியை எடிட் செய்யச் சொல். நீ பக்கத்தில் உட்காராதே. அவன் எந்த இடத்தில் தயங்கி உன்னைக் கேட்கிறானோ, அந்த இடத்தில் தாளில் ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம். சேர்த்து எழுதி, மேலே தேதி போடு. ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் மாற்றாதே. கழுத்து மாடல் வரிசை முடிந்த பிறகு வேண்டுமானால் மாற்றி, தேதியையும் மாற்று.

பழைய வீடியோக்களைத் திரும்ப எடிட் செய்யாதே. யூடியூபில் போட்ட வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. புதிதாக ஏற்றினால் பார்வைகளும் கமென்ட்களும் பழையதோடே போய்விடும். முகப்புப் படத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அதிகம் பார்க்கப்படுகிற பத்து வீடியோவுக்கு மைநீலப் பட்டையோடு புது முகப்புப் படம் செய்து போடு. மற்றவை இருக்கட்டும்.